ஒரு மார்க் ஏன் போச்சுன்னு வாத்தியாருக்கு எப்படி மெயில் போடுறது?

முதல்ல ஒண்ணு தெளிவுபடுத்திடறேன். நம்ம பக்கத்துக் கல்லூரிகள் பலதும் சேர்க்காடு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சவை. செமஸ்டர் தேர்வு மார்க் பத்தி உங்க பேராசிரியருக்கு மெயில் போட்டுப் பயனில்லை. அது மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிச்சு, தேர்வுத் துறை வழியா போற விஷயம். அவர் கையில இருக்கிறது இன்டர்னல் மட்டும்தான். அதுவும் பல்கலைக்கழகத்துக்கு மார்க் ஏத்துற வரைக்கும்தான். அதனால பேப்பர் கைக்கு வந்த ரெண்டு மூணு நாளுக்குள்ள கேட்டுடணும்.

ஒரு உதாரணம். காவேரிப்பாக்கத்துல இருந்து தினமும் பஸ்ல வர்ற ஒரு வேதியியல் மாணவின்னு வெச்சுக்குவோம். இன்டர்னல்ல தோல் பதனிடுதல் பத்தி அஞ்சு மார்க் கேள்வி: Cr(OH)SO4 உப்போட பேசிசிட்டி எவ்வளவு, பதனிடும்போது ஏன் சோடியம் பைகார்பனேட் சேர்க்கிறோம்? விளக்கத்தை 6ஆம் பக்கத்துல எழுதினா, கணக்கை 7ல போட்டா. குரோமியத்தோட மூணு இணைதிறன்ல ஒண்ணு ஹைட்ராக்சில், அதனால 33.3 சதவீதம். கிடைச்சது ரெண்டு மார்க்.

மெயில் எழுதறதுக்கு முன்னாடி அவ பார்க்க வேண்டியது ரெண்டு. முன்பக்கக் கூட்டல் சரியா? 7ஆம் பக்கத்துல சிவப்பு மை இருக்கா? கூட்டல் சரி. ஆனா 7ல ஒரு டிக்கும் இல்ல, கோடும் இல்ல. அப்போ இது மார்க் குறைச்சல் பத்தின வாக்குவாதம் இல்ல, பக்கம் கண்ணுல படலையாங்கிற கேள்வி. மெயிலும் அந்த அளவுலயே நிக்கணும்.

பொருள்: வேதியியல் இன்டர்னல் 2, கேள்வி 12(ஆ) – 7ஆம் பக்கம்

"மதிப்பிற்குரிய மேடம், நான் மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி, பதிவு எண் கீழே உள்ளது. கேள்வி 12(ஆ)-வுக்கு 2 மதிப்பெண் கிடைத்துள்ளது. விளக்கத்தை 6ஆம் பக்கத்திலும் கணக்கை 7ஆம் பக்கத்திலும் எழுதியிருக்கிறேன். 7இல் திருத்தக் குறி ஏதும் தெரியவில்லை. தாங்கள் அதைப் பார்த்தே மதிப்பெண் அளித்திருந்தால், என் கணக்கில் எங்கே தவறு என்று அறிய விரும்புகிறேன். இரு பக்கங்களின் படத்தை இணைத்துள்ளேன். தங்களுக்கு வசதியான நேரத்தில் விடைத்தாளுடன் நேரிலும் வருகிறேன். நன்றி."

இதுல 'மூணு மார்க் போடுங்க'ன்னு இல்ல. 'பக்கத்து சீட்டுப் பொண்ணுக்கு நாலு போட்டிருக்கீங்க'ன்னும் இல்ல. (அது ரொம்பப் பேர் எழுதறது. அதைப் படிச்சதும் அந்தப் பொண்ணோட பேப்பரையும் எடுத்துப் பார்க்கத் தோணும், யாருக்கும் நல்லதில்ல.) 'பார்த்தே அளித்திருந்தால்'ங்கிற வரிதான் முக்கியம். பக்கம் விட்டுப்போயிருந்தா அவங்க சங்கடமில்லாம சரி பண்ணலாம். பார்த்துத்தான் குறைச்சிருந்தா காரணம் சொல்லலாம்.

காரணம் இருக்கவும் கூடும். 33.3னு விடையை மட்டும் எழுதி, இணைதிறனை எப்படி எடுத்தோம்னு காட்டாம விட்டிருந்தா, படிநிலை மார்க் போயிருக்கும். அந்தப் பதில் வந்தா 'புரிந்தது மேடம், நன்றி'ன்னு ஒரு வரி போதும். அஞ்சாறு நாள் பதிலே வரலைன்னா ரெண்டாவது மெயில் போடாம, விடைத்தாளோட ஸ்டாஃப் ரூமுக்கே போயிடுங்க.