பேங்க் கேரண்டி முடிஞ்சும் எஃப்டி மேல லியன் போகலையா? வங்கியிடம் என்ன கேட்கணும், எப்படிக் கேட்கணும்?

"வேலை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. கேரண்டி தேதியும் முடிஞ்சு போச்சு. இன்னும் எஃப்டியை உடைக்க முடியலை சார்." சின்ன அளவில் அரசு ஒப்பந்த வேலை எடுத்துச் செய்பவர்கள் பலர் சொல்லும் புகார் இது. பணம் அவர்களுடையதுதான், வட்டியும் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் எடுக்கப் போனால் "லியன் இருக்கு" என்று பதில் வருகிறது.

கேரண்டி முடிந்ததும் லியன் ஏன் தானாகப் போவதில்லை? அதை நீக்கச் சொல்லி எப்போது, எப்படிக் கேட்பது? ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

முதலில், லியன் எதற்காக விழுந்தது?

சாந்தோமில் எலக்ட்ரிக்கல் கடை வைத்துக்கொண்டு, வயரிங் ஒப்பந்தங்களும் எடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அரசுத் துறையின் கட்டடத்தில் வயரிங் வேலையை 2023 மார்ச்சில் முடித்துக் கொடுத்தார். அடுத்த ஓராண்டில் பழுது வந்தால் அவரே சரி செய்து தர வேண்டும் என்பது ஒப்பந்தம். செய்யாவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் துறை ரூ.4 லட்சத்துக்கு பேங்க் கேரண்டி கேட்டது.

கேரண்டி என்பது, 'இவர் தவறினால், நீங்கள் கேட்டதும் இந்தத் தொகையை நாங்கள் தருகிறோம்' என்று வங்கி துறைக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. வங்கி அதைச் சும்மா கொடுக்காது. கடைக்காரரின் ரூ.4 லட்சம் எஃப்டியை ஈடாக வைத்துக்கொண்டு, அதன் மேல் லியன் குறித்துவிட்டது. நாளை துறைக்குப் பணம் கட்ட வேண்டி வந்தால், வங்கி அதை இந்த எஃப்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஆகவே லியன் இருப்பது வேலைக்காக இல்லை, வங்கியின் பொறுப்புக்காக. வேலை முடிந்த தேதி வங்கிக்கு முக்கியமில்லை. தன் பொறுப்பு எப்போது முடிகிறது என்பதுதான் அதற்கு முக்கியம்.

ஒரு தேதி இல்லை, இரண்டு தேதி

உங்களிடம் உள்ள கேரண்டி நகலை எடுத்து, கடைசிப் பத்தியைப் படியுங்கள். பெரும்பாலான கேரண்டிகளில் அந்த இடத்தில் மூன்று விஷயங்கள் வரிசையாக இருக்கும். வங்கியின் பொறுப்பு அதிகபட்சம் எவ்வளவு, கேரண்டி எந்தத் தேதி வரை செல்லும், எந்தத் தேதிக்குள் எழுத்தில் கேட்டால்தான் வங்கி பணம் தரும்.

இரண்டாவது தேதி கேரண்டியின் காலாவதி. மூன்றாவது, பணம் கேட்பதற்கான கெடு. வங்கிக்காரர்கள் இதை 'கிளைம் பீரியட்' என்பார்கள். காலாவதித் தேதிக்குள் பழுது நடந்து, அதற்கான கடிதம் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தாலும் துறை ஏமாறக் கூடாது என்பதற்காகத் தரப்படும் கூடுதல் அவகாசம் அது.

நம் கடைக்காரரின் கேரண்டி 2024 மார்ச் 31 வரை. ஆனால் கிளைம் தேதி 2025 மார்ச் 31. அவர் 2024 ஜூனில் வங்கிக்குப் போய் "கேரண்டி முடிஞ்சிடுச்சே" என்றார். "இன்னும் கிளைம் பீரியட் இருக்கு சார்" என்றது வங்கி. இங்கே வங்கி சொன்னது சரி. அந்தத் தேதி வரை லியனை வைத்திருக்க அதற்கு உரிமை உண்டு.

அந்த ஒரு வருஷம் எங்கிருந்து வந்தது?

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவுதான் இதற்குப் பின்னணி. 1997-ல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் ஒருவரின் உரிமையே போய்விடும் என்று எழுதினால் அது செல்லாது என்றானது. அதனால், கேரண்டி தேதி முடிந்த பிறகும் வழக்கு வரலாம் என்ற பயம் வங்கிகளுக்கு இருந்தது. வழக்குத் தொடர அரசுக்கு 30 ஆண்டு அவகாசம் கொடுக்கிறது காலவரையறைச் சட்டம்.

2013 ஜனவரியில் வங்கிகளுக்கு ஒரு விதிவிலக்கு கிடைத்தது. குறைந்தது ஓராண்டு அவகாசம் கொடுத்தால், அதன் பிறகு கேரண்டியின் கீழ் உள்ள உரிமை முடிந்துவிடும் என்று எழுதலாம். இதை வைத்துத்தான் பல வங்கிகள் கிளைம் பீரியடே ஓராண்டு இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கின.

இதை எதிர்த்து லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம், பஞ்சாப் நேஷனல் வங்கிக்கு எதிராக தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஓராண்டு கட்டாயம் என்றால் கூடுதல் கமிஷன் கட்ட வேண்டும், ஈடும் அதுவரை மாட்டிக்கொள்ளும் என்பது அதன் வாதம். 2021 ஜூலையில் வந்த தீர்ப்பு, அந்த ஓராண்டு என்பது நீதிமன்றம் போய் உரிமையை நிலைநாட்டுவதற்கான காலத்தைப் பற்றியது, வங்கியிடம் பணம் கேட்கும் கிளைம் பீரியடைப் பற்றியது இல்லை என்றது. கிளைம் பீரியட் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

தில்லி நீதிமன்றத்தின் தீர்ப்பு என்பதால் தமிழ்நாட்டில் அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்டிப் பேசலாம். அடுத்த முறை கேரண்டி வாங்கும்போது, கிளைம் பீரியடை மூன்று மாதமாக வைக்க முடியுமா என்று துறையிடமும் வங்கியிடமும் முதலிலேயே கேளுங்கள். கையெழுத்தான பிறகு, தாளில் உள்ள தேதிதான் பேசும்.

சீக்கிரம் விடுபட ஒரு வழி: அசல் கேரண்டி

கிளைம் தேதி வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? இல்லை. துறை தன்னிடம் உள்ள அசல் கேரண்டியைத் திருப்பிக் கொடுத்து, 'இதன் கீழ் எங்களுக்குக் கோரிக்கை எதுவும் இல்லை, வங்கியை விடுவிக்கிறோம்' என்று கடிதம் தந்தால் போதும். அன்றே வங்கியின் பொறுப்பு முடிகிறது. கேரண்டி காகிதத்தில் இல்லாமல் மின்னணு முறையில் தரப்பட்டிருந்தால், திருப்பித் தர அசல் தாள் இருக்காது. துறை அதே மின்னணு முறையில் விடுவிக்க வேண்டும்.

எனவே பழுதுக்கான காலம் முடிந்த உடனே துறைக்கு எழுதுங்கள். வேலை முடிந்த சான்றிதழ், இறுதி பில் விவரம், கேரண்டி எண் மூன்றையும் குறிப்பிட்டு, அசலையும் விடுவிப்புக் கடிதத்தையும் கேளுங்கள். கடிதத்தில் கையெழுத்திடுபவர், கேரண்டி யார் பெயரில் இருக்கிறதோ அந்த அலுவலகத்தின் அதிகாரியாக இருக்க வேண்டும். கீழ்நிலை அலுவலகம் கொடுத்த கடிதத்தை வங்கி திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

அசல் கிடைக்கலைன்னா?

நம் கடைக்காரருக்கு இதுதான் நடந்தது. கோப்பு எங்கேயோ இருக்கிறது என்றார்கள், அசல் வரவில்லை. 2025 மார்ச் 31-ம் தேதியும் கடந்தது. ஏப்ரலில் வங்கிக்குப் போனால், "ஒரிஜினல் கொண்டு வாங்க சார்" என்று மறுபடியும் அதே பதில்.

இப்போது நிலைமை வேறு. எழுத்தில் கேட்க வேண்டிய கெடு முடிந்துவிட்டது. அதற்குள் கோரிக்கை வரவில்லை என்றால், கேரண்டியின் சொந்த வாசகப்படியே வங்கி பணம் தர வேண்டியதில்லை. அசல் தாள் துறையின் அலமாரியில் இருப்பதால் மட்டும் முடிந்துபோன பொறுப்பு உயிர் பெறாது. அசல் கேட்பது எச்சரிக்கைக்காக. அது கிடைக்காதபோது, துறைக்கு வங்கியே பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் கேரண்டியைக் கணக்கிலிருந்து நீக்கலாம்.

ஆகவே வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, எழுத்தில் கொடுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"மேலே குறிப்பிட்ட ரூ.4 லட்சம் கேரண்டி 31.3.2024 அன்று முடிந்தது. கிளைம் தேதி 31.3.2025 அன்று முடிந்தது. அதற்குள் பயனாளியிடமிருந்து எழுத்து மூலம் கோரிக்கை ஏதும் வந்ததா என்பதை உறுதி செய்யவும். வரவில்லை எனில் கேரண்டியை ரத்து செய்து, எனது வைப்புத்தொகை மீதான லியனை நீக்கவும். நீக்க இயலாது எனில், கேரண்டியின் எந்த வாசகத்தின் அடிப்படையில் என்று எழுத்தில் தெரிவிக்கவும். அசல் தேவை எனில், பயனாளிக்கு வங்கி அறிவிப்பு அனுப்பி அதன் நகலை எனக்குத் தரவும்."

கேரண்டி நகல், எஃப்டி ரசீது நகல், துறைக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

கடிதம் கொடுக்கும் முன் மூன்று விஷயம்

கேரண்டி நடுவில் நீட்டிக்கப்பட்டதா என்று பாருங்கள். துறை கேட்டு நீட்டிப்பு நடந்திருந்தால், புதிய தேதிதான் கணக்கு. அசல் தாளில் உள்ள பழைய தேதியைக் காட்டிப் பயனில்லை.

கடிதம் சரியான கிளைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். எஃப்டி சாந்தோம் கிளையில் இருக்கலாம், ஆனால் கேரண்டியை வேறொரு தனிக் கிளை கொடுத்திருக்கலாம். அங்கே கேரண்டி கணக்கு மூடப்படாமல் இங்கே லியனை எடுக்க முடியாது. மேலாளர் மனது வைத்தாலும் கம்ப்யூட்டர் விடாது. இரண்டு கிளைக்கும் நகல் கொடுங்கள்.

அதே வங்கியில் உங்களுக்கு வேறு கடன் பாக்கி இருக்கிறதா? ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கையில் உள்ள ஈட்டை மற்ற பாக்கிக்காகவும் வைத்துக்கொள்ளும் உரிமையை வங்கிக்குக் கொடுக்கிறது. அப்படி ஒரு காரணம் இருந்தால், அதைத் தீர்க்காமல் லியன் நகராது.

பதிலே வரலைன்னா?

புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். முத்திரையிட்ட உங்கள் நகல்தான் அங்கே முக்கிய ஆதாரம்.

ஒரு எச்சரிக்கை. 'கடன் முடிந்து 30 நாளில் ஆவணம் தராவிட்டால் நாளுக்கு ரூ.5,000' என்ற ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவைச் சிலர் இதற்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது தனிநபர் கடன்களுக்காக ஈடு வைத்த சொத்து ஆவணங்கள் பற்றியது. பேங்க் கேரண்டிக்கான எஃப்டி லியனுக்கு அதைக் கேட்டால் வங்கி எளிதாக மறுத்துவிடும்.

நீக்கிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?

"எடுத்தாச்சு சார்" என்று சொன்னால் மட்டும் போதாது. நெட் பேங்கிங்கில் எஃப்டி விவரத்தைத் திறந்தால் Lien Amount என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். ரசீதில் லியன் முத்திரை இருந்தால், அது ரத்து என்று குறிக்கச் சொல்லுங்கள். கேரண்டி ரத்தான தேதியைக் கடிதமாக வாங்கி, அந்தத் தேதிக்குப் பிறகு கமிஷன் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 2 சதவீதம் கமிஷன் என்றால், ரூ.4 லட்சத்துக்கு ரூ.8,000, அதோடு ஜிஎஸ்டி. பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

இதற்கிடையே எஃப்டி முதிர்ந்துவிட்டதா என்பதையும் கவனியுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதி இல்லாமல் முதிர்ந்து கிடந்தால், சேமிப்புக் கணக்கு வட்டி, பழைய எஃப்டி வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 2021 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இது. லியன் இருந்தாலும் எஃப்டியைப் புதுப்பிக்கச் சொல்லலாம். அதையும் அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.