ஒரு லட்சம் பேருக்கு ஒரு நன்றி

யூடியூபில் ஒரு சேனல் 1 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டால் வெள்ளிப் பட்டனுக்கும், 10 லட்சம் தொட்டால் தங்கப் பட்டனுக்கும் விண்ணப்பிக்கலாம். அந்த எண்ணிக்கையைத் தொட்டதும் சேனல்காரர் முதலில் செய்வது, சேனலில் ஒரு நன்றிப் பதிவு போடுவது.

அவசரம் வேண்டாம். போலிக் கணக்குகளையும் மூடப்பட்ட கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது கழித்துவிடும். காலையில் 1,00,004 என்று இருந்தது மாலையில் 99,990 ஆகலாம்; கொண்டாடியவர் முகத்தில் அசடு வழியும். கொஞ்சம் கூடுதலாக ஏறும்வரை பொறுப்பது நல்லது.

மாடித்தோட்டச் சேனல் ஒன்றை வைத்துக்கொள்வோம். “அனைவருக்கும் கோடானு கோடி நன்றி” என்று எழுதினால் யாருக்கும் ஒட்டாது. “தக்காளி இலைச்சுருட்டல் வீடியோவில் நீங்கள் கேட்ட கேள்விகள்தான் அடுத்த மூன்று வீடியோக்கள்” என்றால் கேட்டவர் நிமிர்ந்து உட்காருவார். நன்றியும் முன்னோட்டமும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன.

அதையே வாக்கெடுப்பாகவும் போடலாம்: மாவுப்பூச்சியா, மண்கலவையா, கோடைக்கால நீர்ப்பாசனமா? எதற்கு ஓட்டு அதிகமோ, அதை முதலில் எடுக்கலாம். ஆனால் படம்பிடிக்காத வீடியோவுக்குத் தேதி சொல்லிவிடக் கூடாது. தலைப்பைச் சொல்லலாம், விடையைச் சொல்லக் கூடாது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் என்று பதிவிலேயே எழுதிவிட்டால், பிறகு வீடியோவை யார் பார்ப்பார்கள்?