போக ஒன்று, வர ஒன்று

சென்னையில் இருக்கும் ஒரு தாய் மகளின் பிரசவத்துக்காக மே மாதம் லண்டன் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போகும் தேதி தெரியும். திரும்பும் தேதி குழந்தை பிறந்த பிறகுதான் தெரியும். அதனால் இப்போதைக்குப் போவதற்கு மட்டும் டிக்கெட் வாங்கலாம் என்று மகன் இணையத்தில் தேடுகிறான். ஒன்வே டிக்கெட் 51,000 ரூபாய். அதே விமானத்தில் போய்த் திரும்பி வர ரிட்டர்ன் டிக்கெட் 72,000. லண்டனிலிருந்து வர மட்டும் தனியாகத் தேடினால் 46,000. இந்த எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவைதான். ஆனால் இப்படிப்பட்ட விகிதத்தை நீண்ட தூர விமானங்களில் அடிக்கடி பார்க்கலாம். பாதி வழிக்குப் பாதிக் காசு என்ற பஸ் கணக்கு இங்கே எடுபடுவதில்லை.

காரணம் தூரத்தில் இல்லை, பயணியை வகை பிரிப்பதில் இருக்கிறது. அலுவலக வேலையாகப் பறப்பவருக்குத் தேதிதான் முக்கியம், காசு கம்பெனியுடையது. சொந்தக் காசில் ஊர் பார்க்கப் போகிறவர் கட்டணம் ஏறினால் பயணத்தையே தள்ளிப்போடுவார். இருவரையும் ஒரே விமானத்தில் ஏற்றி, வேறு வேறு விலை வாங்க வேண்டும். யார் எந்த வகை என்று டிக்கெட் விற்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? 1977-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘சூப்பர் சேவர்’ என்ற மலிவுக் கட்டணத்தைக் கொண்டுவந்தபோது, முன்கூட்டியே வாங்க வேண்டும், போன இடத்தில் சில நாட்களாவது தங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த நிபந்தனைகளே சல்லடையாக வேலை செய்தன. பிறகு சனிக்கிழமை இரவு அங்கே தங்கியாக வேண்டும் என்ற விதியும் பல நிறுவனங்களில் பரவியது. திங்கள் போய் வியாழன் திரும்பும் அலுவலகப் பயணி சனி இரவு வரை தங்க மாட்டார் அல்லவா?

இந்தச் சல்லடை ரிட்டர்ன் டிக்கெட்டில்தான் வேலை செய்யும். திரும்பும் நாள் தெரியாமல் எத்தனை நாள் தங்கினார் என்று எப்படிச் சொல்வது? ஆகவே பழைய பெரிய நிறுவனங்களின் விலைப்பட்டியலில் இரண்டு தனித்தனி அட்டவணைகள் உண்டு. ஒன்று ரிட்டர்னுக்கு. அதில் போகும் பாதிக்கு ஒரு விலை, வரும் பாதிக்கு ஒரு விலை என்று எடுத்துச் சேர்ப்பார்கள், ஆனால் பாதியைத் தனியாக விற்க மாட்டார்கள். மற்றது ஒன்வேக்கு. இதில் தங்கும் நாள் நிபந்தனை இல்லை, அதற்கான விலை கூடுதலாக ஏறியிருக்கும். அந்தத் தாய்க்குக் கிடைத்த 51,000 இந்த இரண்டாவது அட்டவணையிலிருந்து வந்தது.

மலிவுக் கட்டண நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டையே வைத்துக்கொள்ளவில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏர் ஏசியாவில் போகிறவருக்கும், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட்டில் போகிறவருக்கும் போவது ஒரு விலை, வருவது ஒரு விலை. இரண்டையும் கூட்டினால் மொத்தம். அங்கே ரிட்டர்னாக வாங்கினாலும் தனித்தனியாக வாங்கினாலும் பெரிய வித்தியாசம் வராது. போவதற்கு ஒரு நிறுவனம், வருவதற்கு வேறு நிறுவனம் என்று கலந்து எடுத்து மிச்சம் பிடிக்கலாம். இதே முறையை நார்வேஜியன் நிறுவனம் நீண்ட தூரத்துக்கும் கொண்டுபோனது. 2014-இல் லண்டன் கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்குப் பறக்கத் தொடங்கியபோது ஒன்வே டிக்கெட்டையும் மலிவாகவே விற்றது. 2021 தொடக்கத்தில் அந்த நிறுவனம் நீண்ட தூரச் சேவையைக் கைவிட்டுவிட்டது. கடல் கடக்கும் வழித்தடங்களில் ஒன்வேயை மலிவாக விற்க முடியும் என்பது மட்டும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு நிறுவனம் எந்த ரகம் என்று அறிய ஒரு சின்னச் சோதனை போதும். ஒரே விமானம், ஒரே தேதி. முதலில் ரிட்டர்னாகத் தேடி விலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு போவதையும் வருவதையும் தனித்தனி ஒன்வேயாகத் தேடிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஏறக்குறைய அதே விலை என்றால் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை போடும் நிறுவனம் அது. கணிசமாக எகிறினால் பழைய ரகம். ஒப்பிடும்போது பெட்டி எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலிவு டிக்கெட்டில் கைப்பை மட்டும்தான் அனுமதி என்றால், ஊறுகாயும் பிரசவ மருந்துச் சாமானும் நிரம்பிய பெட்டிக்குத் தனிக் காசு கட்டும்போது கணக்கு தலைகீழாகும்.

லண்டனிலிருந்து திரும்பும்போது வரியும் உண்டு. பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிக்காக அந்த அரசு விதிக்கும் விமானப் பயணி வரி, இந்தியா போன்ற தூரத்துக்குச் சாதாரண வகுப்பில் 2025 ஏப்ரலில் 90 பவுண்டாக இருந்தது. ரிட்டர்னில் வாங்கினால் இது தப்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். தப்பாது. எப்படி வாங்கினாலும் அந்தத் தொகை உள்ளேதான் இருக்கும். வருவதற்கான ஒன்வே ஓரளவுக்குக் கீழே இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்தத் தாயின் கணக்குக்கு வருவோம். இரண்டு ஒன்வே என்றால் 97,000. ரிட்டர்ன் 72,000. நடுவில் 25,000 வித்தியாசம். ரிட்டர்னில் ஜூலை இறுதிக்கு ஒரு தேதி போட்டு, பிறகு மாற்ற வேண்டி வந்தால் இரண்டு செலவுகள் வரும்: மாற்றுவதற்கான கட்டணம், புதிய நாளின் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசம். முதலாவது 10,000, இரண்டாவது 9,000 என்றாலும் மொத்தம் 91,000தான். ஒருமுறை மாற்றினாலும் ரிட்டர்னே லாபம். இரண்டு முறை மாற்றினால் லாபம் கரைந்துவிடும். மாற்றவே முடியாத மிக மலிவான ரிட்டர்ன் என்றால் இந்தக் கணக்கே செல்லாது. ஆகவே வாங்குமுன் கட்டண விதியில் பார்க்க வேண்டியது, தேதி மாற்ற அனுமதி உண்டா, எவ்வளவு என்பதைத்தான்.

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வருவதற்கான டிக்கெட்டைத் தள்ளிப்போட்டால் வேறொரு ஆபத்து உண்டு. இங்கிலாந்தில் பள்ளிகளின் கோடை விடுமுறை பெரும்பாலும் ஜூலை இறுதியில் தொடங்குகிறது. குழந்தைகளோடு ஊருக்கு வரும் குடும்பங்கள் அப்போதுதான் இருக்கைகளை நிரப்புகின்றன. மகன் தேடியபோது 46,000 காட்டிய டிக்கெட் அந்த நேரத்தில் அதே விலையில் இருக்காது. போதாததற்கு, வெறும் ஒன்வேயோடு சுற்றுலா விசாவில் இறங்கும் பயணியிடம், எப்போது திரும்புவீர்கள் என்று குடிவரவு அதிகாரி கேட்கும்போது காட்டக் கையில் எதுவும் இருக்காது.

படிக்கப் போகும் மாணவரின் நிலைமை வேறு. ரிட்டர்ன் டிக்கெட் பொதுவாக ஓராண்டுக்கு மேல் செல்லாது. இரண்டாண்டுப் படிப்புக்குப் போகிறவருக்கு ஒன்வேதான் பொருத்தம். சில சமயம் ரிட்டர்ன் ஒன்வேயைவிட மலிவாகவே இருக்கும். அதை வாங்கி, வரும் பாதியைப் பயன்படுத்தாமல் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிறுவனங்களின் ஒப்பந்த விதிகள் பெரும்பாலும் இதைத் தடுக்கின்றன. ஓஸ்லோவிலிருந்து ஃபிராங்க்பர்ட் வழியாக சியாட்டில் போய்த் திரும்பிய ஒரு பயணி, கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டு ஃபிராங்க்பர்ட்டில் இறங்கிக்கொண்டதற்காக லுஃப்தான்சா நிறுவனம் 2,112 யூரோ கேட்டு வழக்குப் போட்டது. பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது. வழக்கு வரை போவது அபூர்வம். ஆனால் பாதியில் விடுவதாக இருந்தால் கடைசிப் பாதியை மட்டும்தான் விட முடியும். முதல் பாதியில் ஏறாமல் விட்டால், பெரும்பாலான நிறுவனங்களின் கணினி வரும் பாதியைத் தானாகவே ரத்துசெய்துவிடும். இரண்டு தனி டிக்கெட்டுகளில் இந்தப் பயம் இல்லை. ஒன்று தவறினாலும் மற்றது நிற்கும்.

லண்டனில் இறங்கி பாரிஸிலிருந்து திரும்புகிறவர்கள் உடனே இரண்டு ஒன்வேக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன், தேடல் பக்கத்தில் ‘மல்டி சிட்டி’ என்ற பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்லது. சென்னை–லண்டன், பாரிஸ்–சென்னை என்று இரண்டு வரிகளில் கொடுத்தால் பல நிறுவனங்கள் அதை ரிட்டர்ன் அட்டவணையின் இரண்டு பாதிகளாகவே எடுத்துக்கொள்ளும்.