இரங்கல் மடல்

மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு நேர்ந்த மண்சரிவில், தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் 70 பேர் மாண்டனர். அங்கே தமையனை இழந்த நண்பருக்குப் பாலக்காட்டிலிருந்து நான் வரைந்த மடல் முதலில் இரண்டு பக்கம் நீண்டது. எவர் இறந்தாலும் பொருந்தக்கூடிய ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’ போன்ற தொடர்களை முதலில் அடித்தேன். பின்னர் விதியைப் பற்றிய விளக்கத்தையும், என் துயரத்தைப் பற்றிய வரிகளையும் நீக்கினேன். அவருக்கே உரிய நினைவொன்றும், நாள் குறித்த உதவியொன்றும் எஞ்சின:

“மழையில் நனைந்து வந்த எனக்கு அண்ணன் தம் கம்பளியைப் போர்த்திவிட்டது நினைவில் நிற்கிறது. ஞாயிறன்று வருகிறேன். மண்ணில் போன ரேஷன் அட்டைக்கு மனு எழுதித் தருகிறேன். பதில் எழுத வேண்டாம்.”

ஞாயிறன்று நண்பர் முதலில் பேசியது அந்தக் கம்பளியைப் பற்றியே.