மூன்று சொல் போதுமா, முழுக்கதை வேண்டுமா?

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையையும் 99 ரூபாய் கம்மலையும் ஒரே இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். படம் தயார். அதன் கீழே ‘புது கலர் வந்தாச்சு, 99 ரூபாய்’ என்று நிறுத்துவதா, நெசவுக் கதையைப் பத்து வரி சொல்வதா? சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சோதனையில் வாசகம் ஒன்றுதான் மாற வேண்டும். படம், விலை, பதிவிடும் நேரம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒன்றைத் திங்கள் காலையிலும் மற்றதைச் சனி இரவிலும் போட்டால், வித்தியாசம் வாசகத்தால் வந்ததா, நேரத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. காசு கொடுத்து விளம்பரம் செய்பவர்களுக்கு மெட்டாவின் ஏ/பி டெஸ்ட் வசதி உண்டு. பார்ப்பவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு வாசகத்தை மட்டும் அது காட்டும். வேலைநாளில் வாங்குபவரும் விடுமுறையில் வாங்குபவரும் வேறு என்பதால் ஒரு வாரமாவது ஓடவிட வேண்டும்.

நீண்ட வாசகத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்துக்குறிகள் வரை அனுமதித்தாலும், முதல் ஓரிரு வரிகள்தான் கண்ணில் படும். மிச்சம் ‘more’ என்பதற்குள் ஒளிந்துகொள்ளும். ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்கிய கதை தோற்றால், நீளத்தைக் குறை சொல்ல முடியாது. அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை.

சேலைக்கு இப்படி ஒரு முடிவு வருவதாக வைத்துக்கொள்வோம்: குறும்வாசகத்துக்கு 200 லைக், 30 விசாரிப்பு, 3 ஆர்டர். கதைக்கு 90 லைக், 12 விசாரிப்பு, 5 ஆர்டர். லைக்கை எண்ணினால் குறும்வாசகம் ஜெயித்தது. கல்லாவை எண்ணினால் கதை. ஆனால் மூன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் வரலாம். வேறு சேலைகளிலும் அதே போக்கு திரும்பத் திரும்பத் தெரிந்தால்தான் நம்பலாம்.

காரணத்தை விசாரிப்புகளே காட்டிக்கொடுக்கும். ‘சாயம் போகுமா? பிளவுஸ் துணி உண்டா? கஞ்சி போடணுமா?’ என்று கேட்டால், வாங்குபவர் மனத்தில் தயக்கம் இருக்கிறது. அதைத் தீர்க்கும் நீளம் வாசகத்துக்கு வேண்டும். கதை எழுதியும் ‘விலை என்ன?’ என்றே கேட்டால், விலை கதைக்குள் புதைந்துவிட்டது; மேலே கொண்டுவர வேண்டும். கம்மலுக்கு நிறமும் விலையும் தவிர யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அங்கே ஒரு வரி போதும்.

ஆக, விலை கூடுதலாக, கையில் தொட்டுப் பார்க்காமல் நம்பக் கடினமான பொருளுக்குக் கதை. படமே எல்லாம் சொல்லிவிடும் மலிவான பொருளுக்குக் குறும்வாசகம் என்று தொடங்கலாம். ஏற்கெனவே இரண்டு கண்டாங்கி வாங்கிய வாடிக்கையாளருக்கு மட்டும் கதை தேவையில்லை. ‘அரக்குச் சிவப்பு வந்திருக்கு’ என்றாலே அவர் ஆர்டர் போட்டுவிடுவார்.