கெடு தாண்டிய சோதனைகள்

நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஈ.சி.ஜி. எடுத்த கையோடு ட்ரோபோனின் சோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். இதயத் தசை அடிபட்டிருந்தால் அந்தப் புரதம் ரத்தத்தில் கூடும். ரத்தம் எடுத்த 60 நிமிடத்துக்குள் முடிவு கைக்கு வர வேண்டும் என்று ஐரோப்பிய இதயநோய்ச் சங்கம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. அந்த நெறிமுறையின்படி ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது சாம்பிள் எடுத்து, அளவு ஏறுகிறதா என்று ஒப்பிடுவார்கள். முதல் முடிவே வந்து சேரவில்லையென்றால் இரண்டாவதை எதோடு ஒப்பிடுவது?

இப்படி ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கெடு உண்டு. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இதை டி.ஏ.டி. என்பார்கள். மருத்துவப் பரிசோதனைக்கூடங்களின் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 15189 விதிகளின் 2012 பதிப்பு, இந்தக் கெடுவைக் கூடம் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, சோதனையைக் கேட்கும் மருத்துவர்களோடு பேசி, நோயாளியின் தேவைக்கேற்ப வைக்க வேண்டும் என்றது. கெடுவைக் காப்பாற்றுகிறோமா என்று அவ்வப்போது பார்க்கவும் சொன்னது. அப்படிப் பார்ப்பதற்காகக் கணினி தயாரித்துத் தருவதுதான் டி.ஏ.டி. ரிப்போர்ட். சொன்ன நேரத்தைத் தாண்டிய சோதனைகளை அது சிவப்பில் காட்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த ரிப்போர்ட்டை வாசிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. நடப்பு நடைமுறையில் உள்ளதுதான். ஒரு மருத்துவமனையில் ஒரே இரவில் 10 ட்ரோபோனின் சோதனைகள். ரத்தம் எடுத்ததிலிருந்து முடிவு வெளியாகும்வரை ஆன நிமிடங்கள்: 38, 41, 42, 44, 45, 47, 48, 50, 52, 143. கெடு 60 நிமிடம்.

சராசரி என்ன? கூட்டினால் 550, பத்தால் வகுத்தால் 55. கெடுவுக்குள்தான் இருக்கிறது. பல கூடங்கள் ‘நூற்றுக்குத் தொண்ணூறு சோதனைகள் கெடுவுக்குள் முடிய வேண்டும்’ என்று இலக்கு வைத்துக்கொள்கின்றன. இங்கே பத்தில் ஒன்பது முடிந்துவிட்டது. அந்த இலக்கும் எட்டப்பட்டுவிட்டது. மாதாந்திரக் கூட்டத்தில் இந்த இரண்டு எண்களை மட்டும் காட்டினால் எல்லோரும் நிம்மதியாக எழுந்து போகலாம். இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடம் காத்துக்கிடந்த அந்தப் பத்தாவது ஆள் எந்தக் கணக்கிலும் தெரியமாட்டார். அவரைக் காட்டுவது சராசரியும் சதவீதமும் அல்ல, கெடு தாண்டிய சோதனைகளின் பட்டியல்தான். ரிப்போர்ட்டில் முதலில் வாசிக்க வேண்டிய பக்கம் அது.

அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம். ஒவ்வொரு டியூபிலும் பார்கோடு ஒட்டியிருப்பதால், அது கைமாறும் இடத்திலெல்லாம் நேரம் பதிவாகிறது. ரத்தம் எடுத்தது அதிகாலை 2:05. கூடத்துக்கு வந்து சேர்ந்தது 2:57. இயந்திரம் முடிவு சொன்னது 3:50. பொறுப்பு மருத்துவர் பார்த்து ஒப்புதல் தந்து முடிவு வெளியானது 4:28. ஆக, வழியில் 52 நிமிடம், கூடத்தின் மேஜையில் 53 நிமிடம், ஒப்புதலுக்காக 38 நிமிடம்.

முதல் 52 நிமிடம் டியூப் நர்ஸ் மேஜையிலேயே இருந்தது. இரவில் நான்கு வார்டுக்கு ஓர் ஊழியர்தான். அவர் வேறொரு நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். கூடத்தில் இருந்த யாருக்கும் இப்படி ஒரு டியூப் காத்திருப்பதே தெரியாது.

அடுத்த 53 நிமிடம் வேறு கதை. டியூப் வந்ததும் டெக்னீஷியன் உடனே பதிவு செய்து, 3 மணிக்குச் சென்ட்ரிஃபியூஜில் வைத்துப் பத்து நிமிடம் சுழற்றி, 3:12-க்கு இயந்திரத்தில் ஏற்றிவிட்டார். 3:17-க்கு இயந்திரம் பிழை காட்டி நின்றது. உறிஞ்சும் ஊசியில் மெல்லிய நார் அடைத்துக்கொண்டிருந்தது. ரத்தம் முழுதாக உறையாதபோது சீரத்தில் இப்படி ஃபைப்ரின் நார் மிதக்கும். அந்த நோயாளி வேறொரு மருத்துவமனையில் ஹெபாரின் ஊசி போட்டு அனுப்பப்பட்டவர். ஹெபாரின் ரத்தத்தை உறையவிடாது. அவர் ரத்தம் டியூபிலும் சரியாக உறையவில்லை. நாரை எடுத்துப்போட்டு, மறுபடி சுழற்றி, 3:31-க்கு ஏற்றினார். சோதனை ஓட 19 நிமிடம். டெக்னீஷியன் மேல் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

கடைசி 38 நிமிடம் முடிவு தயாராகித் திரையில் நின்றது. ஒப்புதல் தர வேண்டியவர் இரவில் மூன்று பிரிவுகளுக்கும் ஒருவர்தான்.

ஒரே தாமதத்துக்கு மூன்று காரணம். மூன்றுக்கும் மருந்து வேறு. ‘லேப் லேட்’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால், இரவு ஷிஃப்டில் இன்னொரு டெக்னீஷியனைப் போடுவார்கள். அதனால் இந்த 143 நிமிடத்தில் எதுவும் குறையாது. அவசரப் பிரிவு டியூபுக்கென்று தனி ஆள் வைத்தால் முதல் பகுதி குறையும். சிவப்பு மூடி டியூபுக்குப் பதில் பச்சை மூடி டியூபில் எடுத்தால், ரத்தம் உறைவதற்காகக் காத்திருக்கும் அரை மணி நேரமும் மிச்சம், நார் தொல்லையும் பெருமளவு இல்லை. ஆனால் அந்தச் சோதனைக் கிட்டைத் தயாரித்த நிறுவனம் பச்சை டியூபை அனுமதித்திருக்க வேண்டும். ஒப்புதலைப் பொறுத்தவரை, வரம்புக்குள் இருக்கும் முடிவுகளைக் கணினியே வெளியிட விதிகள் எழுதிவைக்கலாம். சந்தேகமானவை மட்டும் மருத்துவருக்காக நிற்கும்.

இனி இந்தப் பட்டியலின் கண்ணுக்குத் தப்புபவை.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பது முதல் கேள்வி. பல கூடங்கள் டியூப் தங்கள் கைக்கு வந்த நொடியிலிருந்துதான் கணக்கு வைக்கின்றன. அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன 143 நிமிடம் 91 ஆகிவிடும்; நர்ஸ் மேஜையில் போன 52 நிமிடத்துக்குக் கேட்பாரே இல்லை. அமெரிக்க நோய்க்கூறியல் மருத்துவர் ஜார்ஜ் லண்ட்பெர்க் 1981-இலேயே இதை எழுதினார். சோதனை என்பது மருத்துவரின் மனதில் கேள்வி எழும்போது தொடங்கி, விடை அதே மருத்துவரின் மனதுக்குத் திரும்பி, அவர் ஒரு முடிவெடுக்கும்போதுதான் முடிகிறது என்றார். அவ்வளவு தூரம் அளக்கக் கணினியால் முடியாது. குறைந்தபட்சம் ரத்தம் எடுத்த நேரத்திலிருந்தாவது அளக்க வேண்டும். வழியில் நிற்கும் டியூப் நேரத்தை மட்டும் தின்பதில்லை. சாதாரண டியூபில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் உள்ள செல்கள் சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கும். தாமதமாக வந்த முடிவு தவறாகவும் இருக்கக்கூடும்.

ரத்தம் எடுத்த நேரமே பொய்யாக இருக்கலாம் என்பது அடுத்த சிக்கல். காலை ஆறு மணிக்கு வார்டு முழுவதற்கும் சேர்த்துக் கணினியில் ‘எடுத்தாயிற்று’ என்று ஒரே அடியாகத் தட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போய் ரத்தம் எடுப்பது பல இடங்களில் வழக்கம். கடைசிக் கட்டிலுக்கு ஏழு மணி ஆகியிருக்கும். கணக்கில் அந்தச் சாம்பிள் ஒரு மணி நேரம் தாமதம். இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல: இருபது நோயாளிகளுக்கும் ஒரே நிமிடத்தில் ரத்தம் எடுத்ததாகப் பதிவு இருந்தால் அது நடந்திருக்க முடியாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரத்தம் எடுத்த நேரத்துக்கு முன்பே கூடத்துக்கு வந்து சேர்ந்ததாகச் சில வரிகள் சொல்லும். அப்படிப்பட்ட வரிகளைத் தனியே ஒதுக்கி, காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் மற்ற எண்களை நம்ப முடியும்.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. மாத முடிவில் எடுக்கும் ரிப்போர்ட் பெரும்பாலும் முடிந்த சோதனைகளிலிருந்துதான் உருவாகிறது. முடியவே முடியாத சோதனைக்கு முடிவு நேரம் இல்லை. அதனால் அது பட்டியலிலும் இல்லை. தொலைந்துபோன டியூப், குளிர்பெட்டியில் மறந்துபோன டியூப், வெளியூர்க் கூடத்துக்கு அனுப்பிக் கேட்காமல் விட்ட டியூப் எல்லாமே இப்படி மறைந்துவிடும். ரத்த அணுக்கள் உடைந்த சாம்பிளை நிராகரித்து மறுபடி எடுக்கும்போதும் இதே மறைப்பு நடக்கிறது. புதிய டியூபுக்குப் புதிய பார்கோடு, புதிய கடிகாரம். ரிப்போர்ட் 45 நிமிடம் என்று காட்டும். நோயாளி காத்திருந்தது இரண்டு மணி நேரம்.

இதற்காகத்தான் நல்ல கூடங்களில் இன்னொரு பட்டியல் சுவரில் உள்ள திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னும் முடியாதவற்றின் பட்டியல் அது. ட்ரோபோனினுக்குக் கெடு 60 நிமிடம் என்றால், 40 நிமிடத்தில் அந்த வரி மஞ்சளாகும். டியூப் இன்னும் கூடத்துக்கே வரவில்லையென்றால் யாராவது அவசரப் பிரிவுக்கு ஃபோன் போடுவார்கள். மாத ரிப்போர்ட் நடந்ததைச் சொல்கிறது; இந்தத் திரையால்தான் அந்த இரவில், அந்த நோயாளிக்கு ஏதாவது செய்ய முடியும். இரண்டில் ஒன்றுதான் வாங்க வசதி உண்டு என்றால் திரையைத்தான் வாங்க வேண்டும்.

கெடுவைக் காட்டி விரட்டுவதிலும் ஓர் எல்லை இருக்கிறது. ரத்தம் உறைய நேரம் தராமல் அவசரமாகச் சுழற்றினால், முன்னே பார்த்த அதே நார் வந்து இயந்திரத்தை நிறுத்தும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் கிருமி இல்லை என்று சொல்லத் திரவ ஊடகத்தில் 42 நாள் வரை காத்திருந்தே ஆக வேண்டும். அங்கே கெடு வேறு மாதிரி வைக்கப்பட வேண்டும்: கிருமி வளர்ந்தது தெரிந்ததும் எத்தனை நேரத்தில் மருத்துவருக்குச் சொன்னார்கள் என்பதே கணக்கு.

உங்கள் கையில் உள்ள ரிப்போர்ட்டிலும் இதில் கொஞ்சம் அச்சாகியிருக்கும். பெரும்பாலான கூடங்களின் தாளில் ரத்தம் எடுத்த நேரம், கூடத்துக்கு வந்த நேரம், முடிவு வெளியான நேரம் என மூன்று வரிகள் மேலே இருக்கும். அடுத்த முறை தாமதமானால் ‘ஏன் லேட்?’ என்று கவுன்டரில் கோபப்படுவதோடு நிற்காமல், அந்த மூன்று நேரங்களையும் ஒப்பிட்டு, எந்த இரண்டுக்கும் இடையில் நேரம் போயிருக்கிறது என்று கேளுங்கள். ரத்தம் எடுத்த நேரம் உங்கள் நினைவோடு ஒத்துப்போகவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.