ஒரே இணையதளம், இரண்டு மதிப்பீடு

சென்னிமலையில் பெட்ஷீட் நெய்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இதுவரை வியாபாரமெல்லாம் மொத்தக் கடைகளோடும் வாட்ஸ்அப்பிலும்தான். இப்போது முதன்முறையாகச் சொந்த இணையதளம் வேண்டும் என்று முதலாளி நினைக்கிறார். 60 ரகங்களைப் படத்தோடு காட்ட வேண்டும், விவரம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், வாங்குபவர் அங்கேயே பணம் கட்ட வேண்டும். இதற்கு எவ்வளவு ஒதுக்குவது? நிறுவனமும் கீழே வரும் தொகைகளும் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. கூலி ஊருக்கு ஊர் மாறும், ஆனால் கணக்குப் போடும் வழி இதுதான்.

தொகையைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஏற்கெனவே இணையதளம் செய்த ஒருவரிடம் கேட்டு, அவர் செலவிலிருந்து நம் செலவைக் கணிப்பது ஒன்று. திட்ட மேலாண்மையில் இதை ஒப்பீட்டு மதிப்பீடு என்பார்கள். வேலையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மணிக்கணக்குப் போட்டுக் கூட்டிக்கொண்டே மேலே வருவது இன்னொன்று. அது பாட்டம்-அப் மதிப்பீடு. பலரும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். என் கருத்தில், முதல் இணையதளம் செய்யும் நிறுவனம் இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டு தொகைகளும் எங்கே விலகுகின்றன என்று தேடும்போதுதான், பட்ஜெட்டில் விடுபட்டது என்ன என்பது தெரியும்.

முதலில் பாட்டம்-அப். இதை முதலாளியால் தனியாகப் போட முடியாது, ஏனென்றால் இணையதளத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. எனவே செய்து தரப்போகும் டெவலப்பரிடம், ஒரே வரியில் எழுதிய கொட்டேஷன் வேண்டாம், துண்டு துண்டாக மணிக்கணக்கோடு எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அப்படி வந்த பட்டியல் இது: தேவைகளைப் பேசி முடிவு செய்ய 16 மணி நேரம். முகப்பு, ரகங்களின் பட்டியல், தனிப்பொருள், நிறுவனத்தைப் பற்றி, தொடர்பு என்று ஐந்து வகைப் பக்கங்களுக்கு டிசைன், ஒரு சுற்றுத் திருத்தம் உட்பட 40 மணி நேரம். அவற்றை இயங்கும் பக்கங்களாகக் கட்ட 50. ஒரு ரகத்தை இரண்டு மொழியிலும் ஏற்ற 40 நிமிடம் என்றால், 60 ரகங்களுக்கு 40 மணி நேரம். பணம் கட்டும் வசதிக்கும் பார்சல் கட்டணக் கணக்குக்கும் 24. பலவகை ஃபோன்களில் சோதித்துச் சரிசெய்ய 20. நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைக்க 10. ஆக 200 மணி நேரம். மணிக்கு 500 ரூபாய் வீதம் 1,00,000 ரூபாய்.

இந்தப் பட்டியலின் பெரிய பலம், எதைக் குறைத்தால் எவ்வளவு குறையும் என்பது உடனே தெரிவதுதான். ரகங்களை நம் ஊழியரே ஏற்றிவிட்டால் 40 மணி நேரத்தில் பெரும்பகுதி மிச்சம். முதல் ஆறு மாதம் ஆர்டரை வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றால் 24 மணி நேரம் தள்ளிப்போகும். மொத்தமாக ஒரு லட்சம் என்று எழுதிய கொட்டேஷனில் பேரம் பேசத்தான் முடியும், வேலையைக் குறைத்துப் பார்க்க முடியாது.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பட்டியலில் எழுதப்பட்ட வேலைக்கு மட்டுமே அதில் மணி இருக்கும். எழுதாமல் விட்டதற்குப் பூஜ்யம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு ஆகும் என்ற எண்ணத்தில்தான் ஒவ்வொரு துண்டுக்கும் மணி போடுகிறோம்.

டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இந்தப் பழக்கத்துக்குத் திட்டமிடும் மாயை என்று பெயர் வைத்தார்கள். கானமன் தன் சொந்த அனுபவத்தையே பின்னாளில் எழுதியிருக்கிறார். இஸ்ரேலில் பள்ளிக்கான பாடத்திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் குழுவில் அவர் இருந்தார். வேலை ஏறக்குறைய இரண்டு ஆண்டில் முடியும் என்று எல்லோரும் கணித்தார்கள். அந்தக் கணிப்பைச் சொன்னவர்களில் பாடத்திட்ட நிபுணர் ஒருவரும் உண்டு. இதே மாதிரியான மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டபோது, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து ஆண்டு ஆனது, சுமார் 40 சதவீதம் பேர் முடிக்கவே இல்லை என்று அதே நிபுணர் சொன்னார். அந்தத் தகவல் அவர் மனத்தில்தான் இருந்தது. ஆனால் தன் குழுவின் வேலையை உள்ளிருந்து பார்த்துக் கணக்கிட்டபோது அது கணக்குக்குள் வரவில்லை. கடைசியில் அந்த வேலை முடிய எட்டு ஆண்டு ஆனது.

வெளியிலிருந்து பார்க்கும் அந்தப் பார்வையைத் தருவதுதான் ஒப்பீட்டு மதிப்பீடு. நம் முதலாளிக்கு ஈரோட்டில் ஒரு நண்பர், துண்டு வியாபாரம். மூன்று ஆண்டுக்கு முன் இணையதளம் செய்தார். அவரிடம் "எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை. பெரும்பாலும் முதல் கொட்டேஷன் தொகைதான் நினைவில் நிற்கும், அதையே சொல்வார். "முதல்ல சொன்னது எவ்வளவுங்க? கடைசியா கொடுத்தது எவ்வளவுங்க? அதுல என்னென்ன சேர்ந்ததுங்க?" என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

நண்பர் பில்லை எடுத்துப் பார்த்துச் சொல்கிறார். வரியும் ஹோஸ்டிங்கும் நீங்கலாக, முதலில் பேசியது 60,000 ரூபாய். முடிவில் கொடுத்தது 84,000. அப்போது மணிக்கு 400 ரூபாய். அப்படியானால் 150 மணி நேரம் என்று தொடங்கிய வேலை 210 மணி நேரத்தில் முடிந்திருக்கிறது. பழைய செலவை ரூபாயாகவே எடுத்துக்கொள்ளாமல் இப்படி மணியாக மாற்றிக்கொண்டால், இடையில் ஏறிய கூலி நம் கணக்கைக் குழப்பாது.

அடுத்து, அவர் தளத்துக்கும் நம் தளத்துக்கும் உள்ள வித்தியாசம். அவருக்கும் ஐந்து வகைப் பக்கங்கள்தான். ஆனால் ஆங்கிலம் மட்டும், 20 ரகங்கள், பணம் கட்டும் வசதி கிடையாது. நம் பட்டியலின் கணக்குப்படி அவருடைய ரகங்களை ஏற்ற ஏறக்குறைய 7 மணி நேரம் போதும். நமக்கு 40. ஆக 33 மணி நேரம் கூடுதல். பணம் கட்டும் வசதிக்கு இன்னொரு 24. இந்த 57-ஐ அவருடைய 210-உடன் கூட்டினால் 267 மணி நேரம். இன்றைய கூலியில் 1,33,500 ரூபாய்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். நண்பர் ஆயத்த டெம்ப்ளேட் ஒன்றை வாங்கிப் படத்தை மட்டும் மாற்றியிருந்தால், அதை வைத்து, புதிதாக டிசைன் செய்யும் தளத்தைக் கணிக்கவே கூடாது. கட்டும் விதம் ஒன்றாக இருந்து அளவு மட்டும் மாறினால்தான் இப்படிக் கூட்டிக் கழிக்க முடியும். அப்போதும்கூட, ஒரே ஓர் உதாரணத்தை நம்பிய தொகை கரடுமுரடானதுதான். அமெரிக்காவின் திட்ட மேலாண்மை நிறுவனத்தின் கையேடு, தொடக்கநிலை மதிப்பீடு 25 சதவீதம் குறையலாம், 75 சதவீதம் கூடலாம் என்று ஓர் அளவைச் சொல்கிறது. நம் 1,33,500 ரூபாய்க்கு அதைப் பொருத்தினால், ஏறக்குறைய ஒரு லட்சத்திலிருந்து 2,33,000 வரை எங்கு வேண்டுமானாலும் முடியலாம். டெவலப்பரின் பட்டியல் சொன்ன ஒரு லட்சம் அந்த வரம்பின் அடியில் கிடக்கிறது. பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

விடுபட்டது 67 மணி நேரம். அது எங்கே போனது என்பதற்குப் பதில் நண்பரிடம்தான் இருக்கிறது. முகப்புப் பக்கத்தின் டிசைனை அப்பா ஒருமுறை, மகன் ஒருமுறை என்று மாற்றச் சொன்னதில் மூன்று சுற்று ஓடியது. கூடுதலான இரண்டு சுற்றுக்கு 24 மணி நேரம் என்று வைப்போம். படங்களும் விவரங்களும் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால், டெவலப்பர் வேலையை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினார். பொய்ப் படம் வைத்துக் கட்டிய பக்கங்கள் நிஜப் படம் வந்ததும் கலைந்துபோக, மீண்டும் சரிசெய்தார். அதில் 25. தளம் திறந்த பிறகு முதல் மாதத்தில் வந்த சில்லறைப் பழுதுகளுக்கு 18. இந்த மூன்றுக்கும் டெவலப்பரின் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

ஒவ்வொன்றாக முடிவு செய்யலாம். டிசைனுக்குச் சம்மதம் சொல்ல ஒரே ஒருவர், மொத்தம் இரண்டு சுற்று என்று ஒப்பந்தத்திலேயே எழுதினால் 24-க்குப் பதில் 12 போதும். எல்லாப் படங்களும் விவரங்களும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்த பிறகே கட்டும் வேலை தொடங்கும் என்று வைத்தால் 25-ல் 8 மிஞ்சும். முழுதாக ஒழியும் என்று நான் நம்பமாட்டேன். திறந்த பிறகான 18-ஐத் தவிர்க்க வழியில்லை. இப்படி 38 மணி நேரம் பட்டியலில் ஏறி, வேலை 238 மணி நேரமாகிறது, அதாவது 1,19,000 ரூபாய். மிச்சமுள்ள 29 மணி நேரத்தை, 14,500 ரூபாயை, முதலாளி தன் கையில் இருப்பாக வைத்துக்கொள்கிறார். டெவலப்பரின் ஒப்பந்தத்தில் அது சேராது. பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடும் இருப்பைவிட இது மேலானது, ஏனென்றால் எந்த வாக்குறுதி தவறினால் இந்தப் பணம் செலவாகும் என்பது முன்கூட்டியே தெரிகிறது.

டெவலப்பரின் வேலைக்கு வெளியே வாங்க வேண்டியவை தனி. ரகத்துக்கு 250 ரூபாய் வீதம் படம் எடுக்க 15,000, இரு மொழியிலும் விவரம் எழுத 12,000, முதல் ஆண்டு டொமைனும் ஹோஸ்டிங்கும் 8,000. மொத்தம் 35,000 ரூபாய். டெவலப்பர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் அவர் பில்லில் 18 சதவீதம் ஏறும். 1,19,000-க்கு 21,420 ரூபாய். நம் நிறுவனம் வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்தால் இதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது, அப்போது அது முழுச் செலவு. இருப்புத் தொகைக்கும் வரியோடு 17,110 என்று வைத்தால், மொத்த பட்ஜெட் 1,92,530 ரூபாய். முதல் கொட்டேஷன் சொன்ன ஒரு லட்சத்தை ஏறக்குறைய இது இரட்டிப்பாக்குகிறது. தளத்தில் ஒரு வசதியும் கூடவில்லை.

இரண்டு கணக்கையும் போடும் வரிசையில் ஒரு கவனம் தேவை. நண்பர் செலவழித்த தொகையை டெவலப்பரிடம் முன்பே சொல்லிவிட்டால், அவருடைய மணிகள் எல்லாம் அந்தத் தொகையை நோக்கி வளைந்துவிடும். பிறகு இரண்டும் ஒத்துப்போகும், ஆனால் அந்த ஒற்றுமையில் எந்தத் தகவலும் இராது. டெவலப்பரின் பட்டியல் கைக்கு வரும்வரை நண்பரின் பில்லைக் காட்டக் கூடாது.

வேலை தொடங்கிய பிறகு, பட்டியலில் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே உண்மையில் ஆன மணியை டெவலப்பரிடம் வாராவாரம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். 40 மணி என்று போட்ட டிசைன் 35-ஐத் தொட்டும் முகப்பே முடியவில்லை என்றால், இருப்பிலிருந்து எடுப்பதா, ஒரு பக்க வகையைக் கைவிடுவதா என்று அந்த வாரமே பேசிவிடலாம். அடுத்த ஆண்டு மொத்த வியாபாரிகளுக்கென்று தனிப் பகுதி சேர்க்கும்போது, ஒப்பிடுவதற்கு ஈரோட்டு நண்பரின் பில் வேண்டியிராது. இந்தத் தாளே போதும்.